ஐபோனில் எடுத்த சந்தாவை அன்ட்ரொய்டில் ஏன் நிறுத்த முடியவில்லை?

வன்னியில் பாவனையில் இருக்கும் ஐபோன்களில் பல, உறவுக்காரரின் பயணப் பெட்டியில் வந்து இறங்கியவை. கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் மாமா லீவில் வந்து திரும்பும்போது, தான் பாவித்ததைக் கொடுத்துவிட்டுப் போவார். சில வேளை அவருடைய ஆப்பிள் கணக்கும் அதற்குள்ளேயே இருந்துவிடும். போன் வேலை செய்கிற வரைக்கும் அதை யாரும் கவனிப்பதில்லை.

கிளிநொச்சியில் ஒரு மாணவிக்கு ரொறன்ரோ மாமாவிடமிருந்து அப்படி ஒரு போன் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் படிக்க ஒரு செயலியை இறக்கி, தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்து, மாதச் சந்தாவும் எடுத்துவிட்டாள். மாமாவின் கார்டிலிருந்து ஒவ்வொரு மாதமும் 12ஆம் திகதி காசு போகிறது. பிறகு ஐபோனின் திரை உடைந்தது. அன்ட்ரொய்ட் போன் ஒன்று வாங்கி, அதே செயலியில் அதே மின்னஞ்சலைப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்கியது. எல்லாம் சரி, சந்தாவை நிறுத்தப் போனபோதுதான் வழியில்லை. செயலியில் நிறுத்தும் பொத்தானே கிடையாது. இணையத்தளத்திலும், சந்தா App Store வழியாக எடுக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும். நிறுவனத்துக்கு எழுதினால், “எங்களால் நிறுத்த முடியாது” என்று பதில் வருகிறது.

ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பதில் உண்மை. கிளிநொச்சி டவுனில் ஒரு ஏஜென்ட் கடையில் காசு கட்டிப் பேப்பர் எடுக்கிறோம் என்றால், கணக்குக் கொப்பி கடைக்காரரிடம்தான் இருக்கும். பேப்பர் கந்தோருக்குப் போன் எடுத்து “எனக்கு இனி வேண்டாம்” என்று சொன்னாலும் அந்தக் கொப்பியில் பெயர் வெட்டப்படாது. இங்கே கடைக்காரர் ஆப்பிள்.

ஐபோனில் சந்தாப் பொத்தானை அழுத்தும்போது கார்ட் விபரத்தைச் செயலி கேட்பதில்லை. கீழிருந்து மேலெழும்பும் அந்தக் கட்டணத் திரை ஆப்பிளுடையது. போனில் எந்த ஆப்பிள் கணக்கு இருக்கிறதோ, அதன் பெயரில் ஓர் உடன்பாடு பதிவாகிறது. கார்டிலிருந்து காசை எடுப்பதும் ஆப்பிள், ரசீது அனுப்புவதும் ஆப்பிள். தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. வழமையான பங்கு முதல் வருடத்தில் நூற்றுக்கு 30, அதே ஆள் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்தால் 15. சில செயலிகளின் சந்தா இணையத்தளத்தைவிட ஐபோனுக்குள் விலை கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒரு பரிவர்த்தனை எண்ணும், சந்தா எந்தத் திகதி வரை செல்லும் என்ற தகவலும். காசு கட்டிய ஆப்பிள் கணக்கு யாருடையது, என்ன கார்ட் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த எண்ணைத் தங்கள் பக்கத்தில் மாணவியின் மின்னஞ்சலோடு சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பாடம் அன்ட்ரொய்டிலும் திறக்கிறது. படிக்கும் உரிமை மின்னஞ்சலோடு போய்விட்டது, காசு கட்டும் உடன்பாடு மட்டும் மாமாவின் ஆப்பிள் கணக்கிலேயே நின்றுவிட்டது.

அப்புறம், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் செய்தி எப்படிப் போகிறது என்பது சுவாரசியமானது. யாராவது சந்தாவை நிறுத்தினால் ஆப்பிளின் சேர்வர் நிறுவனத்தின் சேர்வருக்கு `DID_CHANGE_RENEWAL_STATUS` என்று ஓர் அறிவிப்பை அனுப்பும். நிறுவனமும் எந்நேரமும் சந்தாவின் நிலையைக் கேட்டுப் பார்க்கலாம், விரும்பினால் முடிவுத் திகதியைத் தள்ளிக்கூடப் போடலாம். ஆனால் இப்படியான வழமையான சந்தாக்களில் “இதை நிறுத்து” என்று திருப்பிச் சொல்வதற்கான கட்டளை ஒன்றை ஆப்பிள் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. கூகிள் பிளேயில் அப்படியில்லை. அங்கே நிறுவனமே பயனருக்காகச் சந்தாவை நிறுத்த முடியும், பயனரும் எந்த பிரவுசரிலிருந்தும் நிறுத்தலாம். நிறுவனம் நினைத்தாலும் வாடிக்கையாளரின் உடன்பாட்டில் கை வைக்க முடியாது என்பதை ஆப்பிளின் ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பு என்று சொல்லலாம். ஐபோன் கையை விட்டுப் போனவருக்கு அது வெறும் பூட்டுத்தான்.

யாரிடம் சந்தா இருக்கிறது என்று தெரியாவிட்டால் ரசீது மின்னஞ்சலைப் பாருங்கள். ஆப்பிளிடமிருந்து வந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. கூகிள் பிளே ரசீதின் எண் `GPA` என்று தொடங்கும். மாணவிக்கு ரசீதே வராது, அது மாமாவின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். மாமாவின் கார்ட் கணக்கில் `APPLE.COM/BILL` என்று ஒரு வரி விழுந்துகொண்டிருக்கும். அவரோ தன்னுடைய வேறு ஏதோ செலவு என்று நினைத்திருப்பார்.

நிறுத்துவதற்கு மிக எளிய வழி மாமாவேதான். அவருடைய இப்போதைய ஐபோனில் அதே ஆப்பிள் கணக்கு இருந்தால், Settings திறந்து, மேலே உள்ள தன் பெயரைத் தொட்டு, Subscriptions போய், செயலியைத் தெரிவு செய்து, Cancel Subscription அழுத்தினால் முடிந்தது. மாணவியின் கடவுச்சொல்லோ மின்னஞ்சலோ தேவையில்லை.

கணக்கு மாணவியின் சொந்தக் கணக்காக இருந்தால், இன்னொருவரின் ஐபோனைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கலாம். ஆனால் Settings-இன் உச்சியில் அவருடைய கணக்கை வெளியேற்றிவிட்டுத் தன்னுடையதைப் போடக்கூடாது, அவருடைய படங்களும் தொடர்பு எண்களும் குழம்பிப்போகும். அவருடைய பெயருக்குள் இருக்கும் Media & Purchases என்பதில் மட்டும் வெளியேறி, தன் கணக்கால் நுழைந்து, App Store-இல் மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டால் Subscriptions வரும். வேலை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும். விண்டோஸ் கணினியில் iTunes இருந்தாலும் போதும்: Account, View My Account, பிறகு Settings பகுதியில் Subscriptions-க்குப் பக்கத்தில் Manage. கொமினிக்கேஷன் கடைக் கணினியில் இதைச் செய்ய எனக்கு மனம் வராது.

இன்னொருவரின் போனிலோ கணினியிலோ கணக்கால் நுழையும்போது ஆறு இலக்கக் குறியீடு ஒன்று கேட்கும். உடைந்த போனின் சிம்மை அன்ட்ரொய்டில் போட்டிருந்து, கணக்கில் பதிந்ததும் அந்த நம்பர்தான் என்றால், எஸ்எம்எஸ் அங்கேயே வரும். பதிந்தது ரொறன்ரோ நம்பர் என்றால், “மாமா, இப்ப ஒரு நம்பர் வரும், உடனே சொல்லுங்கோ” என்று லைனில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். கோடையில் அங்கே நேரம் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். நம்முடைய இரவு ஏழரை அவருக்குக் காலை பத்து.

12ஆம் திகதி புதுப்பிக்கும் சந்தாவை 10ஆம் திகதி இரவுக்குள் நிறுத்துவது நல்லது. புதுப்பிக்க ஒரு நாள் இருக்கும்போதே காசு எடுக்கும் முயற்சி தொடங்கலாம். நிறுத்தினாலும் கட்டிய மாதம் முடியும் வரை பாடம் திறந்தே இருக்கும், அதைப் பார்த்து நிறுத்தம் பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். செயலியை அழிப்பதால் எதுவும் நிற்காது. கார்டை வங்கியில் முடக்கினாலும் உடன்பாடு அப்படியே இருக்கும். ஆப்பிள் 60 நாள் வரை திரும்பத் திரும்பக் காசு எடுக்கப் பார்க்கும், அதற்குள் மாமா புதுக் கார்ட் போட்டால் சந்தா மறுபடி உயிர் பெற்றுவிடும்.

படிப்பைத் தொடர விரும்பி, தன் சொந்தக் கார்டால் இணையத்தளத்தில் புதிதாகச் சேர நினைத்தால், பழைய சந்தாவின் கடைசித் திகதி கடக்கும் வரை பொறுக்க வேண்டும். இணையத்தளத்தில் கார்டிலிருந்து காசெடுக்கும் முறைக்கும் ஆப்பிளின் உடன்பாட்டுக்கும் தொடர்பில்லை. பழையதை நிறுத்தாமல் புதியதில் சேர்ந்தால், ஒரே பாடத்துக்குக் கிளிநொச்சியிலும் ரொறன்ரோவிலும் மாதாமாதம் காசு போகும்.