'அடுத்த வெள்ளி' என்றால் 13-ஆ, 20-ஆ?

2026 பிப்ரவரி 11, புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் தேயிலை வாங்குகிறவர் குன்னூர் ஃபேக்டரி மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில், "அடுத்த வெள்ளி நேர்ல வரேங்க சார், சாம்பிள் எடுத்து வெச்சிருங்க" என்று போடுகிறார். "சரிங்க" என்று பதில் வருகிறது. வருகிறவர் நினைத்தது 13-ஆம் தேதி. மேனேஜருக்கோ 13 'இந்த வெள்ளி'. 'அடுத்த வெள்ளி' என்றால் 20. வெள்ளிக்கிழமை காலை பர்லியார் ஏறி வந்து சேர்ந்தால், சாம்பிளும் இல்லை, மேனேஜரும் இல்லை.

இருவர் மேலும் தப்பில்லை. 'அடுத்த' என்ற சொல்லுக்கு 'அடுத்து வருகிற' என்றும் பொருள், 'அடுத்த வாரத்து' என்றும் பொருள். 'வர்ற வெள்ளி' என்பது கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சொன்னால் சிக்கல் வேறு மாதிரி. பிப்ரவரி 15, ஞாயிறு அன்று 'அடுத்த வாரம் வெள்ளி' என்றால், திங்களில் வாரத்தைத் தொடங்குகிறவருக்கு 20. ஞாயிறே வாரத்தின் முதல் நாள் என்பவருக்கு 27.

அதனால் கிழமை, தேதி, மணி, இடம் நான்கையும் சேர்த்தே எழுதுங்கள்: "பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, காலை 11 மணி, குன்னூர் ஃபேக்டரி ஆபீஸ்." தேதி இருக்கும்போது கிழமை எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கை தவறி 19 என்று அடித்துவிட்டாலும், 'வெள்ளி' பக்கத்தில் இருப்பதால் காலண்டரைப் பார்க்கிறவர், "19 வியாழன் ஆச்சே" என்று உடனே கேட்பார். தேதி மட்டும் இருந்தால் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

'வீக்எண்டில் பார்க்கலாம்' என்பதும் இப்படித்தான். சனிக்கிழமை எஸ்டேட்டில் வேலை நாள், ஐ.டி. கம்பெனிக்காரருக்கு லீவு. சனியா ஞாயிறா என்று பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

'இன்னைக்குள்ள அனுப்பிடறேன்' என்பதற்கு மணி கட்டாயம் வேண்டும். ஆபீஸ் கணக்கில் அது மாலை 5 அல்லது 6, சிலருக்கு இரவு 12. லண்டன்காரர் மாலை 5 மணிக்குள் என்றால், அங்கே குளிர்காலத்தில் நமக்கு இரவு 10.30, கோடைக்காலத்தில் 9.30. ஆகவே "மாலை 5 மணி, இந்திய நேரம்" என்று எழுதுங்கள். இரவு 12 மணியைக் கெடுவாக வைக்க வேண்டாம். 'வெள்ளி இரவு 12' என்பது வெள்ளி தொடங்கும் நேரமா, முடியும் நேரமா என்று அடுத்த கேள்வி வரும். 11.59 என்று போட்டால் அந்தக் கேள்வியே இல்லை.

பதில் சொல்கிறவரும் 'ஓகே'யோடு நிறுத்தாமல், "20-ஆம் தேதி வெள்ளி, 11 மணி, சரிங்க" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். போனில் பேசினால் இது இன்னும் அவசியம். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது 'பதினேழு'ம் 'பதினெட்டு'ம் ஒன்றுபோலக் கேட்கும். 'செவ்வாய்', 'புதன்' அப்படிக் குழம்பாது.