டின்னவெல்லி என்று எழுதினால்தான் பணம்

திசையன்விளைப் பக்கம் நிலாவரை இலை ஏற்றுமதி செய்யும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். செம்மண் காட்டில் விளைந்த இலையைப் பச்சை நிறம் போகாமல் நிழலில் உலர்த்தி, பேல் கட்டி, தூத்துக்குடியில் கப்பலேற்றுவார். மலமிளக்கி மருந்து செய்கிறவர்கள் வாங்குவார்கள். நான் வங்கியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தபோது ஒரு நாள் கவலையோடு வந்தார். மெக்சிகோவில் புது ஆள் ஒருவர் 10 டன் கேட்கிறார், விலை 20,000 டாலர். “சரக்கு போய்ச் சேர்ந்தப்புறம் அவன் போனையே எடுக்கலைன்னா நான் எங்க போய்த் தேடுவேன் தம்பி?”

அந்தப் பக்கத்திலும் இதே பயம்தான். முன்பணம் அனுப்பினால் பேலுக்குள் இலைக்குப் பதில் குச்சி வருமோ என்று அவர் யோசிப்பார். இருவரில் யாராவது ஒருவர் முதலில் நம்பியாக வேண்டும். எல்.சி. என்கிற கடனுறுதிக் கடிதம் இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வங்கியை நடுவில் நிறுத்துகிறது.

வாங்குபவர் தன் வங்கியில் போய் எல்.சி. திறக்கிறார். அவர் கணக்கையும் சொத்தையும் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் அந்த வங்கி சம்மதிக்கும். “இன்ன தேதிக்குள் இன்ன காகிதங்களைக் கொடுத்தால் நான் பணம் தருகிறேன்” என்ற அந்த வங்கியின் வாக்கு, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக இங்கே உள்ள வங்கிக்கு வரும். அது உண்மையானதுதானா என்று சரிபார்த்து அண்ணாச்சியிடம் கொடுப்பது எங்கள் வேலை. அதன்பின் வாங்குபவர் மனம் மாறினாலும், ஏன், திவாலே ஆனாலும், காகிதம் சரியாக இருந்தால் அவருடைய வங்கி கொடுத்தே ஆக வேண்டும். அண்ணாச்சி சம்மதிக்காமல் எல்.சி.யை ரத்து செய்யவும் முடியாது.

காகிதங்களில் முக்கியமானது, சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங். அசல் பில் இல்லாமல் துறைமுகத்தில் கன்டெய்னரை எடுக்க முடியாது. அது வங்கியின் கையில் இருப்பதால், வாங்குபவர் பணத்துக்கு வழி சொல்லாமல் சரக்கைத் தொட முடியாது.

ஆனால் வங்கி இலையைப் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டுமே பார்க்கும். சர்வதேச வணிகச் சபையின் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு, 2007 முதல் நடப்பில் இருப்பது, அப்படித்தான் சொல்கிறது. இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். அண்ணாச்சி சிக்கியது இங்கேதான். எல்.சி.யில் இருந்தது இது:

```
TINNEVELLY SENNA LEAVES
PORT OF LOADING: TUTICORIN
```

உலகச் சந்தையில் அந்த இலைக்கு இன்னமும் வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த பெயர்தான். அண்ணாச்சியின் மகனோ ஊர்ப் பற்றோடு இன்வாய்ஸில் TIRUNELVELI என்று அடித்துவிட்டான். பில் ஆஃப் லேடிங்கில் துறைமுகம் THOOTHUKUDI என்று வந்திருந்தது. நமக்கு இரண்டும் ஒன்றுதான். மெக்சிகோ வங்கியில் மேஜையில் உட்கார்ந்து எழுத்தை ஒப்பிடுகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. வெறும் எழுத்துப்பிழையைப் பெரிதுபடுத்தக் கூடாது என்றாலும், வேறு பெயர் போலத் தெரிவதை ‘முரண்பாடு’ என்று திருப்ப அவருக்கு இடம் உண்டு. காகிதம் கிடைத்த மறுநாளிலிருந்து 5 வங்கி நாட்களுக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் வங்கியின் வாக்கு தளர்ந்துபோகும், பணம் வருவது சரக்கு வாங்குபவரின் தயவைப் பொறுத்தது. இலை விலை இறங்கியிருந்தால் அந்தத் தயவுக்குத் தள்ளுபடி கேட்பார். எந்தப் பயத்தைப் போக்க எல்.சி. வாங்கினோமோ அதுவே வாசலில் வந்து நிற்கும்.

இன்வாய்ஸ் அண்ணாச்சியின் காகிதம், பத்து நிமிடத்தில் மாற்றி அடித்தாகிவிட்டது. பில் ஆஃப் லேடிங் அப்படியில்லை. தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் அசலைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தி வாங்க வேண்டும். எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேற்றிய 21 நாட்களுக்குள், எல்.சி.யின் காலாவதிக்கும் முன்பாக, எல்லாக் காகிதமும் வங்கிக்கு வந்தாக வேண்டும். மார்ச் 4-ல் ஏற்றிய சரக்கு, ஆகவே 25 வரை நேரம். திருத்திய பில் 19-ம் தேதி கைக்கு வந்தது.

இன்னொன்றையும் அவரிடம் முன்பே சொல்லி மாற்ற வைத்திருந்தேன். முதலில் வந்த எல்.சி.யில், வாங்குபவரே கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்று வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் காகிதமே பிறக்காது, பணமும் வராது. பார்க்க எல்.சி., உள்ளே பழைய நம்பிக்கைதான். அதை எடுத்துவிட்டு மூன்றாம் ஆளான பரிசோதனை நிறுவனத்தின் சான்று என்று திருத்தச் சொன்னோம். வாங்குபவருக்கும் அது நல்லது. குச்சி வரவில்லை என்பதற்கு அவருக்குக் கிடைக்கிற ஆதாரம் அந்தச் சான்று மட்டுமே.

எல்.சி. திறந்த வங்கியே பலவீனமாகத் தெரிந்தால், இங்குள்ள வங்கி ஒன்று தன் பங்குக்கும் உறுதி சேர்க்கலாம். அதற்குத் தனிக் கட்டணம். அண்ணாச்சி கட்டணத்தைக் கேட்டதும் வேண்டாம் என்றுவிட்டார். மெக்சிகோ வங்கி பெரியது என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் பணம் வந்தது, வங்கிக் கட்டணங்கள் போக. அந்தக் கழிவைப் பற்றி அண்ணாச்சி இன்றுவரை என்னிடம் சண்டை போடுகிறார்.