இரண்டு ரூபாய் குறைத்தால் எத்தனை டீ கூட விற்க வேண்டும்?

திருப்பூரில் டீக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒரு நாளைக்கு 280 டீ போகிறது. டீ 12 ரூபாய். எதிர்க்கடைக்காரர் 10 ரூபாய்க்கு இறக்கிவிட்டார். நானும் இறக்கலாமா? அடுப்பை வாஸ்துப்படி அக்னி மூலைக்கு மாற்றச் சொல்கிறார்கள், அதைச் செய்யலாமா?"

அடுப்பை மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் கணக்கை எழுதிப் பாருங்கள். அடுப்பு எந்த மூலையில் எரிந்தாலும் பால் விலை மாறப்போவதில்லை. சிறு வியாபாரிகளின் பயத்தில் பிழைப்பு நடத்துகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

ஒரு டீகூட விற்காவிட்டாலும் கடை கேட்கும் பணம்தான் நிலைச் செலவு. அவர் அனுப்பிய கணக்கின்படி வாடகை மாதம் 9,000, உதவியாளர் சம்பளம் 15,000, மின்சாரம் 1,500, அட்வான்ஸுக்கு வாங்கிய கடனின் வட்டியும் பாத்திரத் தேய்மானமும் 1,500. மொத்தம் 27,000 ரூபாய். ஆனால் காலை நான்கு மணிக்குக் கடை திறக்கும் அவருடைய சொந்த உழைப்புக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. வேறு கடையில் மாஸ்டராக நின்றால் கிடைக்கக்கூடிய சம்பளம் என்று 18,000 சேர்த்தேன். ஆக 45,000. நாளுக்கு 1,500 ரூபாய்.

டீ ஒவ்வொன்றோடும் கூடுவது மாறும் செலவு. 70 மில்லி பால் 3.50, டீத்தூள் 1.00, சர்க்கரை 0.45, கேஸ் 0.60, பேப்பர் கப் 0.45. கூட்டினால் 6 ரூபாய். 12 ரூபாய்க்கு விற்றால் ஒரு டீயில் மிஞ்சுவது 6 ரூபாய். 1,500ஐ 6ஆல் வகுத்தால் 250. லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் கடை நிற்கும் இடம் இதுதான். வணிகவியலில் பிரேக் ஈவன் புள்ளி என்பார்கள். கணினித் தாளில் B1இல் ஒரு நாளின் நிலைச் செலவு, B2இல் விலை, B3இல் மாறும் செலவு என்று இட்டால் போதும்:

```
=ROUNDUP(B1/(B2-B3),0)
```

இப்போது வரைபடம். கீழ்க்கோட்டில் டீயின் எண்ணிக்கை, பக்கக்கோட்டில் ரூபாய். வரவுக் கோடு பூஜ்யத்தில் புறப்பட்டு டீ ஒன்றுக்கு 12 ரூபாய் வீதம் ஏறும். செலவுக் கோடு 1,500இல் புறப்பட்டு 6 ரூபாய் வீதம் ஏறும். 250ஆவது டீயில், 3,000 ரூபாய் உயரத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெட்டும் கோணம். பின்னால் புறப்பட்ட கோடு முன்னால் போனதை எட்டிப் பிடிப்பது இரண்டின் சரிவிலும் உள்ள வித்தியாசத்தால் மட்டுமே. விலையை 10 ஆக்கினால் வரவுக் கோடு கொஞ்சம்தான் சாயும். விலையில் ஆறில் ஒரு பங்குதானே குறைந்திருக்கிறது. ஆனால் மிஞ்சும் பணம் 6இலிருந்து 4 ஆகிவிடுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கோடுகள் கிட்டத்தட்ட இணையாக ஓடத் தொடங்க, வெட்டும் புள்ளி வலப்பக்கம் நழுவி 375க்குப் போய் நிற்கிறது. புள்ளியைத் தாண்டிய பிறகும் துன்பம்தான்: கோணம் குறுகலாக இருப்பதால் லாபமும் மெதுவாகவே விரியும்.

இன்னொன்றையும் அவர் எழுதியிருந்தார். தானும் ஓர் உதவியாளருமாக ஒரு நாளைக்கு 350 டீக்கு மேல் போட முடியாதாம். அப்படியானால் 375ஐ எட்ட இன்னோர் ஆள் வேண்டும். நாளுக்கு 500 ரூபாய் சம்பளம். நிலைச் செலவு என்று பெயர் வைத்தாலும் அது ஓர் அளவு வரைதான் நிலையாக இருக்கும். 350இல் செலவுக் கோடு படிக்கட்டு போலக் குத்தாக ஏறிவிடுகிறது. 2,000ஐ 4ஆல் வகுத்தால் 500 டீ. நாம் நெருங்க நெருங்கப் புள்ளி விலகி ஓடுகிறது! 10 ரூபாய் விலையில் ஓர் உதவியாளரோடு எத்தனை விற்றாலும் இந்தக் கடை தன் செலவை எட்டாது. கோடுகள் சந்திப்பதற்குள் படி வந்துவிடுகிறது.

இந்தத் தாள் பொய் சொல்வது பெரும்பாலும் மாறும் செலவில்தான். ஏழு லிட்டர் பாலில் 100 டீ வர வேண்டும். 85தான் வருகிறது என்றால் பால் பொங்கி வழிகிறது, அல்லது கை தாராளமாக ஊற்றுகிறது. அப்போது பாலுக்கான செலவு 3.50 அல்ல, 4.10க்கு மேல். கல்லாவையும் அப்படியே பார்க்கலாம். 100 பேப்பர் கப் தீர்ந்த நேரத்தில் கல்லாவில் 1,100 ரூபாய்தான் சேர்ந்திருந்தால், கடன் சொல்லிப் போனவர்களையும் சேர்த்து உங்கள் உண்மையான விலை 11. B2இல் எழுத வேண்டியது அந்த எண்ணைத்தான்.

திருப்பூர் வாசகருக்கு என் பதில்: இறக்காதீர்கள். இன்று 250க்கு மேல் விற்கும் 30 டீயில், உங்கள் சம்பளம் போக, 180 ரூபாய் தனியாக நிற்கிறது. 10 ரூபாய்க்கு இறக்கினால், இன்னோர் ஆளின் சம்பளமும் சேர்ந்து, அதே 180ஐப் பார்க்க 545 டீ விற்க வேண்டும். எதிர்க்கடையால் 280 என்பது 260 ஆகக் குறைந்தாலும் நீங்கள் இன்னும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறீர்கள்.