கிரியேட்டின் எடுக்கிறீர்களா? சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால்

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் பலர், தசை வலுவுக்கான கிரியேட்டின் பவுடரை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே பதறிப்போய் வருகிறார்கள். "யூரின் டார்க்கா போகுது, தாகம் அடங்கல. கிட்னி போயிடுமா டாக்டர்?"

கிரியேட்டின் சிறுநீருக்கு நிறம் கொடுக்காது. தசைக்குள் சேரும்போது கொஞ்சம் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 'லோடிங்' என்று நாளுக்கு 20 கிராம் போடுபவர்களுக்கு முதல் வாரத்தில் ஒரு கிலோ போல எடை ஏறுவது இதனால்தான். லோடிங் கட்டாயமே இல்லை. தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தாலும் மூன்று நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும். பெரும்பாலும் தண்ணீர் போவது வியர்வையில்தான். புது உற்சாகத்தில் பயிற்சியும் கூடியிருக்கும்.

சமீபத்தில் வந்த 70 கிலோ இளைஞர் ஒருவரிடம், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொன்னேன். ஏசி இல்லாத ஜிம், ஏப்ரல் மாதம். போகும்போது 70.4, வரும்போது 69.2. நடுவில் அரை லிட்டர் குடித்திருக்கிறார். ஆக, வியர்வையில் போனது சுமார் 1.7 லிட்டர். அவர் நாள் முழுக்கக் குடித்ததோ இரண்டு லிட்டர்தான்!

கிலோவுக்கு 30 மில்லி என்று வைத்தால் அவருக்கு அடிப்படைத் தேவை சுமார் 2.1 லிட்டர். மோர், ரசம் எல்லாம் இதில் சேர்த்தி. அதோடு வியர்வைக் கணக்கைக் கூட்டினால், பயிற்சி நாளில் மூன்றரை முதல் நான்கு லிட்டர், ஓய்வு நாளில் இரண்டேகால். அடுத்த வாரமே சிறுநீர் வெளிர்மஞ்சளானது.

இந்தக் கணக்கு அவருக்கானது. உங்கள் எடையையும் வியர்வையையும் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். "கிரியேட்டின்னா ஆறு லிட்டர்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மடமடவென்று குடிக்காதீர்கள். குறுகிய நேரத்தில் அதிகம் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரியேட்டினும் வேண்டாம், தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம்.

நிறத்தை நடுப்பகலில் பாருங்கள். காலை முதல் சிறுநீர் எல்லோருக்குமே அடர்த்திதான். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் பளீர் மஞ்சளாகப் போகும், அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் கடும் பயிற்சிக்குப் பிறகு கோலா நிறத்தில் போய், தசையும் வீங்கி வலித்தால், வலி மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது. நிறம் வெளுப்பாக, அடிக்கடி நிறையப் போய், தாகமும் அடங்கவில்லை என்றால் சர்க்கரையைச் சோதியுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறியப் பார்க்கும் கிரியாட்டினினாக அது உடம்பில் மாறுவதால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டும். சந்தேகம் இருந்தால், சிறுநீரகத்தை வேறு வழியில் அளக்கும் சிஸ்டாட்டின் சி பரிசோதனை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.