இயர் பேட் உரிந்தால் பேஸ் எங்கே போகிறது?

கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் ஹெட்போன் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் காதைச் சுற்றி வியர்வை வழியும். என்னுடையது காதை முழுக்க மூடும் வகை, பத்து வருடம் உழைத்தது. போன கோடையில் அதைக் கழற்றும்போதெல்லாம் காது மடலிலும் சட்டைக் காலரிலும் கறுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தன. அதைவிட என்னை உறுத்தியது வேறு: பாட்டில் தவிலின் அடி காணாமல் போயிருந்தது. தொப்பிப் பக்கத்தின் 'தொம்' கேட்கவில்லை, வலந்தலைப் பக்கத்தின் 'தக தக' மட்டும் கேட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது என்றே நினைத்தேன். ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது. போனது, காதைச் சுற்றி அமரும் மெத்தையான இயர் பேடிலிருந்து செதிலாக உதிர்ந்த அந்த மேல்தோல்.

அந்தத் தோல் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். நம் ஊரில் ரெக்சின் என்று சொல்கிறோமே, அதன் மெல்லிய உறவினர்தான் அது. அடியில் பின்னிய துணி, அதன் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம். 'புரோட்டீன் லெதர்' என்று விற்பதும் பெரும்பாலும் இதே வகைதான். இந்தப் படலத்தின் மூலக்கூறுச் சங்கிலிகளில் எஸ்டர் என்னும் இணைப்புகள் இருந்தால், நீர் அவற்றை மெல்ல வெட்டும். வெட்டுப்படும் இடத்தில் அமிலம் உண்டாகும், அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகப்படுத்தும். சூடு கூடினால் இதுவும் விரையும். காற்றில் உள்ள ஈரமே இதற்குப் போதும் என்பதால், பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்த பேட்கூட சில வருடங்களில் பிசுபிசுத்து உரிகிறது. கிரீம் தடவி இதை நிறுத்த முடியாது. சங்கிலி அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

சரி, மேல்படலம் உரிந்தால் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி ஏன் குறைய வேண்டும்? உள்ளே ஸ்பாஞ்ச் அப்படியேதானே இருக்கிறது?

ஒரு சைக்கிள் பம்பை எடுத்து, காற்று வரும் துளையை விரலால் லேசாக மூடிக்கொள்ளுங்கள். கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் காற்று விரலிடுக்கில் கசிந்து போய்விடும், அழுத்தமே தெரியாது. சடாரென்று அழுத்தினால் அதே இடுக்கு, அதே விரல், ஆனால் விரலைத் தள்ளும் அளவுக்கு அழுத்தம் ஏறும். கசிந்து வெளியேறக் காற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஹெட்போனில் நடப்பதும் இதுதான். ஸ்பீக்கரின் சவ்வு, இயர் பேடின் சுவர், நம் காது, மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன அறை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். இவ்வளவு நீளமான அலை அந்தச் சின்ன அறைக்குள் 'பயணம்' செய்வதில்லை. சவ்வு முன்னே வரும்போது அறை முழுவதும் ஒரே சமயத்தில் அழுத்தம் ஏறுகிறது, பின்னே போகும்போது இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் காது பேஸ் என்று கேட்கிறது. அறையின் சுவரில் கசிவு இருந்தால், மெதுவாக அசையும் தாழ்ந்த ஒலிக்குக் காற்று வெளியே ஓடிவிடும். வேகமாக அசையும் உயர்ந்த ஒலிக்கு அந்த நேரம் கிடைக்காது. அதனால்தான் தவிலின் ஒரு பக்கம் போய், மறுபக்கம் மட்டும் மிஞ்சியது. மேல்படலம் உரிந்த இடத்தில் எஞ்சியது வெறும் துணி. துணியும் அதன் பின்னால் உள்ள ஸ்பாஞ்சும் காற்றைத் தடுக்காது.

உங்கள் ஹெட்போனில் இதுதான் கோளாறா என்று பார்ப்பது எளிது. போனில் ஒலி அலை உண்டாக்கும் செயலி ஏதாவது ஒன்றைப் போட்டு, முதலில் 400 ஹெர்ட்ஸ், அப்புறம் 50 ஹெர்ட்ஸ் என மாற்றி மாற்றிக் கேளுங்கள். 50 ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மென்மையாகக் காதோடு அணையுங்கள். பேஸ் சட்டென்று பெருகினால் கசிவு. 400-ல் அணைத்தாலும் பெரிதாக மாறாது. அணைத்தும் 50 ஹெர்ட்ஸ் வரவே இல்லை, அல்லது கரகரவென்று வருகிறது என்றால் பேடை மாற்றிப் பயனில்லை, சவ்வைத்தான் பார்க்க வேண்டும்.

நான் முதலில் செய்தது தவறு. வியர்வைக்கு இதமாக இருக்குமே என்று வெல்வெட் மாதிரித் துணி போட்ட பேடை வாங்கினேன். காதுக்குச் சுகம்தான், ஆனால் உரிந்த பேடில் இருந்ததைவிடவும் பேஸ் குறைந்தது. துணிச் சுவர் முழுக்கக் கசிவுதானே. பின்பக்கம் திறந்திருக்கும் சில ஹெட்போன்களை அந்தத் துணியையே கணக்கில் வைத்து வடிவமைக்கிறார்கள், அவற்றில் அது சரியாக இருக்கும். மூடிய வகைக்கு மூடிய தோல்தான்.

அடுத்தது அளவு. பழைய பேடை அளக்காதீர்கள், வருடக்கணக்கில் இழுபட்டு, நசுங்கி அது தன் அளவை இழந்திருக்கும். கிண்ணத்தின் முகத்தை, அதாவது பேடின் பின்னால் மாட்டுவதற்கென்று இருக்கும் பாவாடை போன்ற தோல் ஓரம் எந்த விளிம்பைச் சுற்றி உட்காருகிறதோ அந்த விளிம்பை அளக்க வேண்டும். என்னுடையது நீள்வட்டம்: நீளம் 96, அகலம் 78 மில்லிமீட்டர். இதே அளவில் நீள்வட்டப் பேட் கிடைக்காமல் வட்டப் பேடுதான் கிடைக்கிறது என்றால் ஒரு நூலை அந்த விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று வைத்துப் பாருங்கள். எனக்கு 27.4 செ.மீ. வந்தது. அதை 3.14-ஆல் வகுத்தால் 8.7, அதாவது 87 மில்லிமீட்டர் வட்டத்துக்குச் சமம். எனக்கு 85 அல்லது 87 பொருந்தும், பாவாடை கொஞ்சம் இழுபட்டு இறுக்கமாக உட்காரும். பெரிதாக இருப்பது நல்லதுதானே என்று 100 எடுத்தால், பாவாடை தளர்ந்து கிண்ணத்துக்கும் பேடுக்கும் நடுவிலேயே கசியும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பேஸ் வராது.

உயரத்தையும் விடக்கூடாது. நசுங்கிய பழைய பேட், தலையில் போட்ட நிலையில் 12 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். புதியது அதே நிலையில் 15 என்றால், உள் துவாரம் மாறாதவரை அறையின் கொள்ளளவு ஏறத்தாழ கால் பங்கு கூடும். சவ்வு அதே அளவு அசைந்தாலும் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதாவது சுமார் 2 டெசிபல். மெத்தென்று தடியாக இருக்கும் பேட் எல்லாம் பேஸை வளர்க்கும் என்பது சரியல்ல. கசிவை அடைத்தால் கிடைக்கும் லாபம் பெரிது, தடிமனால் வரும் இழப்பு சிறிது. அதனால் முதலில் கசிவைப் பாருங்கள், தடிமன் அப்புறம். காதுக்கும் சவ்வுக்கும் இடைவெளி கூடும்போது மேல் ஸ்தாயி ஒலிகளின் சாயலும் மாறும். நாதஸ்வரம் கொஞ்சம் தள்ளி நின்று வாசிப்பது போல எனக்குத் தோன்றியது.

ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "செம்மறித் தோல் வெட்டுத்துண்டு கொடுக்கறேன் அண்ணே, அளவை மட்டும் சரியா சொல்லுங்க," என்றார். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த வட ஆற்காட்டில் இருப்பதன் நன்மை அது. நிஜத் தோலில் பாலியூரித்தேன் போல எஸ்டர் சங்கிலி அறுந்து செதில் உதிரும் நோய் இல்லை. அவர் தோலை இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்து, எந்தத் திசையில் அதிகம் இழுக்கிறது என்று குறித்துக்கொண்டார். பாவாடைக்கு அந்தத் திசை சுற்றளவோடு வர வேண்டும், அப்போதுதான் விளிம்பின் மேல் ஏறும் அளவுக்கு நீளும். பாவாடையின் ஓரத்தை ஸ்கைவிங் செய்து சீவினார். தடித்த ஓரம் கிண்ண விளிம்பின் காடிப் பள்ளத்தில் நுழையாது, நுழைந்தாலும் சுருக்கம் விழும். தையல் வரும் இடத்தைப் பேடின் உட்பக்க விளிம்பில் வைத்தார். வெளிச்சுவரில் ஊசித்துளை இருந்தால் அங்கேயே கசியும். உட்பக்கத்துளை காற்றை ஸ்பாஞ்சுக்குள்தான் விடும், வெளிச்சுவர் மூடியிருக்கும்வரை அது நஷ்டமில்லை.

மாட்டுவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். பழைய பேடைப் பிடுங்கும்போது செதில்கள் சவ்வின் மேல் விழும். ஊதாதீர்கள், ஏர் பம்ப், வேக்வம் எதுவும் வேண்டாம். அந்தச் சவ்வு மிக மெல்லியது, ஒரு பலத்த காற்றில் மடங்கிவிடும். செல்லோடேப்பின் ஒட்டும் பக்கத்தால் விளிம்பை மட்டும் ஒத்தி எடுத்தேன். விளிம்பில் பசைபோல இருந்ததைத் துணியில் சில சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்தேன், சவ்வின் பக்கம் போகவில்லை. சவ்வை மூடியிருக்கும் மெல்லிய கறுப்புத் துணிவட்டத்தைப் பழைய பேடோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டால் மேல் ஒலிகள் சுருக்கென்று குத்தும்.

மாட்டும்போது கீழ்முனையில் தொடங்கினேன். பாவாடையை அங்கே காடியில் நுழைத்து, கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஏற்றினேன். முக்கால் சுற்று சுலபமாகப் போகும், கடைசி மூன்று விரல் அகலம்தான் அடம்பிடிக்கும். அங்கே பழைய ஏ.டி.எம். கார்டின் மழுங்கிய மூலையை விளிம்பின் அடியில் செருகி, தோலை அதன் மேல் நழுவவிட்டுக் காடிக்குள் தள்ளினேன். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், வழுக்கினால் நேரே சவ்வில் குத்தும். அப்புறம் விரலால் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். பாவாடையில் ஒரே ஒரு மடிப்பு இருந்தாலும் அது காற்றுக்கு வழி. என் இடது பக்கத்தில் ஒன்று இருந்தது, கழற்றி மறுபடி மாட்டினேன்.

மீண்டும் 50 ஹெர்ட்ஸ். இந்த முறை கையால் அணைத்தாலும் பேஸ் கூடவில்லை, ஏனென்றால் ஏற்கனவே முழுதாக இருந்தது. கிண்ணத்தைக் காதில் வைத்து லேசாக அழுத்தியபோது உள்ளே மெல்ல 'சட்' என்று ஒரு சத்தம் வந்தது. மூடிய அறையின் காற்றுக்குப் போக வழியில்லாமல் சவ்வைத் தள்ளுவதால் வருவது அது. எப்போதாவது வந்தால் கவலைப்பட வேண்டாம், நன்றாக மூடியிருக்கிறது என்பதன் அடையாளம். இசைக்கு நடுவே தொடர்ந்து கேட்டால் மட்டும் பேடைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

ஒரு குறை மட்டும் நீங்கவில்லை. படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டால் அதன் காம்பு பேடுக்கும் காதுக்கும் நடுவே ஒரு சின்னக் கால்வாய் வெட்டுகிறது, 50 ஹெர்ட்ஸ் உடனே மெலிகிறது. மெல்லிய கம்பிக் காம்பு போட்ட பழைய கண்ணாடியை இப்போது அதற்கென்று மேஜையில் வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் தவிலின் இரண்டு பக்கமும் கேட்கிறது.