தீசிஸ், ஆன்டிதீசிஸ், சிந்தசிஸ்: நிலைப்பாடு, மாறுகோள், சேர்க்கை

தீசிஸ் என்றதும் முனைவர் பட்டத்துக்குக் கொடுக்கிற தடித்த ஆய்வேடுதான் நம் நினைவுக்கு வரும். மெய்யியல் கட்டுரையில் அந்தச் சொல் குறிப்பது அதைவிட மிகச் சிறிய ஒன்றை: ஒருவர் முன்வைத்து, காரணம் காட்டிக் காக்கிற ஒரு கூற்று. வேர் கிரேக்கம். ‘திதெனாய்’ என்றால் வைத்தல். வைக்கப்பட்டது தீசிஸ், அதற்கு எதிரே வைக்கப்பட்டது ஆன்டிதீசிஸ், சேர்த்து வைத்தது சிந்தசிஸ். “ஒரு கருத்தை முன்வைக்கிறேன்” என்று நாம் சொல்லும்போதும் அதே வினைதான் வருகிறது.

இந்த மூன்றையும் ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகலின் கண்டுபிடிப்பு என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவருக்கு முன்பே இன்னொரு ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1781இல் வெளியிட்ட ‘தூய அறிவின் விமர்சன’த்தில் இடப்பக்கம் தீசிஸ், வலப்பக்கம் ஆன்டிதீசிஸ் என்று எதிரெதிராக அச்சிட்டு இரண்டையும் நிறுவிக் காட்டினார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பது ஒரு பக்கம், இல்லை என்பது மறுபக்கம். மூன்றையும் ஒரு சங்கிலியாகக் கோத்தவர் ஃபிஷ்டே, 1794 வாக்கில். ஹெகலோ 1807இலேயே, மும்மையை உயிரில்லாத அச்சாக்கி எல்லாவற்றின் மேலும் குத்துவதைக் கண்டித்தார். பிறகு 1837இல் சலிபேயஸ் என்ற பேராசிரியர் ஹெகலை இந்த மூன்று சொற்களால் விளக்கப்போய், அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

கட்டுரை எழுதுகிறவருக்கு இந்த வரலாற்றில் உதவுவது கான்ட் செய்த ஒரு காரியம். உலகத்தின் தொடக்கம் பற்றிய வழக்கில் அவர் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி மதிப்பெண் போடவில்லை. இரண்டு பேரும் பேசாமலே ஒப்புக்கொண்டது என்ன என்று தேடினார். உலகம் என்பது நம் அனுபவத்துக்கு வெளியே முழுசாக, தானாக இருக்கிற ஒரு பொருள் என்று இருவருமே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எடுகோளை உருவினார். இரண்டு வாதமும் சேர்ந்து விழுந்தன. நல்ல சிந்தசிஸ் அந்தத் தேடலில்தான் தொடங்குகிறது.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். ‘சட்டம் நம் சுதந்திரத்தைக் குறைக்கிறதா?’

நிலைப்பாடு: ஆம், குறைக்கிறது. ஆங்கில மெய்யியலாளர் ஹாப்ஸ் 1651இல் சொன்ன வரையறை இதற்குத் துணை. சுதந்திரம் என்பது வெளித்தடை இல்லாமை. சட்டம் ஒரு தடை. அது வாய்திறக்காத இடத்தில்தான் குடிமகன் தன் விருப்பப்படி நடக்கலாம். அப்படியென்றால் ஒவ்வொரு புதுச் சட்டமும் கொஞ்சம் சுதந்திரத்தைக் கழிக்கிறது.

அடுத்த பகுதியான ஆன்டிதீசிஸில்தான் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குகின்றன. “ஆனால் சட்டம் சுதந்திரத்தைக் குறைப்பதில்லை என்றும் சிலர் கூறுவர்” என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எதிர்க்கருத்து என்ற மொழிபெயர்ப்புக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும் என்று அது எண்ண வைக்கிறது. நன்னூலில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: மாறுகோள். கோள் என்றால் ஒருவர் கொண்டிருக்கிற கொள்கை. மாறுகோள் என்றால் அதற்கு மாறாக இன்னொருவர், தமக்கென்று காரணம் வைத்துக்கொண்டு, பிடித்து நிற்கிற கொள்கை. ஆன்டிதீசிஸ் அதுதான்.

நம் கேள்வியில் மாறுகோளை இன்னொரு ஆங்கில மெய்யியலாளர் லாக் தருகிறார்: சட்டம் இல்லாத இடத்தில் சுதந்திரமும் இல்லை. காரணம் எளிது. சட்டம் இல்லையென்றால் என்னைவிட வலுவான எவரும் என்னைத் தடுக்கலாம், என் பொருளைப் பிடுங்கலாம். அந்த வன்முறையிலிருந்து என்னை விடுவிப்பது சட்டம். ஆகவே சட்டத்தின் வேலை சுதந்திரத்தைக் காப்பதும் பெருக்குவதும்.

சரி, மூன்றாம் பகுதி. “சில சட்டங்கள் சுதந்திரத்தைக் குறைக்கின்றன, சில காக்கின்றன, அளவோடு இருந்தால் நல்லது.” இதை நூற்றுக்கணக்கில் படிக்கலாம். இது சமரசம், சிந்தசிஸ் ஆகாது. இதில் முதல் இரண்டு பகுதியில் இல்லாத எதுவும் இல்லை. எந்தச் சட்டம் குறைக்கும், எது காக்கும், ஏன் என்று கேட்டால் பதிலும் இல்லை.

கான்ட் செய்ததைச் செய்வோம். மேலே எழுதிய இரண்டு பத்திகளிலும் பேசாமல் ஒப்புக்கொண்டது என்ன? தடை குறைந்தால் சுதந்திரம் கூடும் என்பது. முதல் பத்தி சட்டத்தைத் தடையாக எண்ணியது; இரண்டாவது, சட்டம் விலக்குகிற தடைகளை எண்ணியது. கணக்கு வேறு, அளவுகோல் ஒன்றே.

அந்த அளவுகோலைச் சோதிக்க ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எதுவும் இல்லை, வீட்டுக்காரர் தங்கமானவர், எதிலும் தலையிடுவதில்லை. ஆனால் அவர் நினைத்தால் நாளைக்கே காலி செய்யச் சொல்லலாம். குடியிருப்பவர் ஒரு காலண்டர் மாட்ட ஆணி எடுக்கிறார், சுவரைப் பார்க்கிறார், ஆணியைத் திரும்ப வைத்துவிடுகிறார். யாரும் தடுக்கவில்லை. தடைகளை எண்ணினால் அவர் முழுச் சுதந்திரர். ஆனால் அப்படி இல்லை என்பது அந்த ஆணியைப் பார்த்தாலே தெரிகிறது. அவருக்கு இல்லாதது, இன்னொருவர் மனம்போக்குக்கு உட்படாத நிலை.

இப்போது கேள்வியே மாறிவிடுகிறது. எத்தனை தடை என்று கேட்பதை விட்டு, யாருடைய விருப்பத்துக்குக் கீழே வாழ்கிறேன் என்று கேட்கிறோம். ஒருவரின் இஷ்டத்துக்கு வந்துபோகும் ஆணை, சின்னதாக இருந்தாலும் சுதந்திரத்தைப் பறிக்கும். ஹாப்ஸ் வழி வந்த பயம் அங்கே நியாயம். எல்லோரையும் ஒன்றுபோலக் கட்டி, கட்டுப்படுகிறவர்களும் கேள்வி கேட்டு மாற்றக்கூடிய சட்டம், தடையாக இருந்தும் சுதந்திரத்தைப் பறிப்பதில்லை; லாக் சொன்னது அங்கே பொருந்துகிறது. இரண்டு பேரும் எதில் சரி, ஏன் முட்டிக்கொண்டார்கள் என்று இது சொல்கிறது. இருவரும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறது.

எழுதி முடித்ததும் முதல் இரண்டு பகுதியைக் கையால் மறைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் படித்துப் பாருங்கள். அது தனியாகவே நிற்கிறது என்றால் முன்னே எழுதியவை வெறும் நிரப்பல். அப்புறம் புதிதாக ஒரு வழக்கைக் கொடுங்கள்: காலவரை சொல்லாத ஊரடங்கு உத்தரவு. சமரசக் கட்டுரை “அளவோடு இருக்கலாம்” என்று நின்றுவிடும். மேலே வந்த முடிவோ, உத்தரவு எத்தனை மணி நேரம் என்பதைவிட, அதை நீட்டுவது யார் விருப்பம், அவரை யார் கேட்க முடியும் என்பதைப் பார்க்கச் சொல்லும்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? ‘தொகுப்பு’ பொருந்தாது, தொகுத்தவை தொகுத்த பிறகும் தனித்தனியாகவே இருக்கும். ‘சமரசம்’ ஏன் கூடாது என்று பார்த்துவிட்டோம். பள்ளி அறிவியல் பாடத்தில் ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லில் இதே சிந்தசிஸ்தான் ‘சேர்க்கை’ ஆகியிருக்கிறது. தண்ணீரும் கரியமில வாயுவும் சேர்ந்து, இரண்டுமே அல்லாத சர்க்கரை உண்டாகிறது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே அதில் இருக்கிறது. தீசிஸுக்குப் பழைய சொல் ‘மேற்கோள்’. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் அது வருகிறது. ஆனால் இன்று மேற்கோள் என்றால் பிறர் வாக்கை எடுத்தாள்வது என்றாகிவிட்டதால் ‘நிலைப்பாடு’ என்பதே குழப்பமில்லாதது.

எல்லாக் கேள்விக்கும் சேர்க்கை கிடைக்காது. ‘அடிமைமுறை நியாயமா?’ என்பதற்கு மூன்றாம் பகுதியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்தால் அது பிழை. அங்கே மாறுகோளை அதன் முழு வலுவோடு எழுதி, எங்கே உடைகிறது என்று காட்டி, ஒரு பக்கத்தில் நிற்க வேண்டும். நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளை நன்னூல் மதம் என்கிறது; அந்த ஏழு மதங்களில் ஒன்றாக அது சொல்வதும் அதைத்தான்: “இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே.”