jkpo; என்றால் தமிழ்

அப்பா எங்கள் ஊரைப் பற்றி எழுதிய 160 பக்கப் புத்தகம், 2002-இல் ஒரு டிடிபி கடையில் தட்டச்சாகி அச்சுக்குப் போனது. கடைக்காரர் ஒரு சிடியில் இரண்டு கோப்புகளைப் போட்டுக் கொடுத்தார். ஒன்று பேஜ்மேக்கரின் .pmd கோப்பு, மற்றது பிடிஎஃப். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிடிஎஃப் எந்தத் தொல்லையும் இல்லாமல் திறந்தது. பக்கங்கள் அச்சுப் புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தன. சரி, பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் தேடல் கட்டத்தில் "தமிழ்" என்று அடித்தேன். புத்தகத்தில் அந்தச் சொல் நூறு இடத்திலாவது இருக்கும், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு வரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டியபோது, "தமிழ்" இருந்த இடத்தில் `jkpo;` என்று வந்தது.

கோப்பு கெடவில்லை. தட்டச்சான நாளிலிருந்தே அதற்குள் இருந்தது `jkpo;` தான். அந்தக் காலத்துப் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தது. `j` அடித்தால் த, `k` அடித்தால் ம, `p` என்றால் இகரக் கொக்கி, `o` என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி. கணினிக்குத் தெரிந்தது ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டுமே. தமிழ் முழுவதும் எழுத்துருவின் படத்தில்தான் இருந்தது. எழுத்துரு தொலைந்தால் தமிழும் தொலையும்.

நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஆவணங்களுக்கு எல்லோரும் சொல்வது பிடிஎஃப்/ஏ. ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக 2005-இல் வந்தது. பிடிஎஃபில் பிற்காலத்தில் சிக்கல் தரக்கூடியவற்றை இது தடுக்கிறது. கடவுச்சொல் பூட்டு கூடாது, உள்ளே நிரல் ஓடக்கூடாது, பக்கத்தைக் காட்டத் தேவையான எதையும் வெளியிலிருந்து எடுக்கக்கூடாது, எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். பாமினி தொலையும் ஆபத்தை இந்தக் கடைசி விதி தீர்த்துவிடுகிறது. பக்கம் கண்ணுக்கு எப்போதும் சரியாகத் தெரியும்.

இந்தத் தரத்தின் இரண்டாம் பகுதியில் `PDF/A-2u` என்றொரு படிநிலை உண்டு. ஒவ்வொரு வடிவத்துக்கும் அதற்குரிய யூனிகோடு எழுத்து எது என்ற அட்டவணை கோப்பில் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. தேடலும் நகலெடுப்பும் இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நடக்கின்றன. பழைய பிடிஎஃபை இந்த வடிவத்துக்கு மாற்றி, வெராபிடிஎஃப் என்ற திறந்த மூலச் சோதனைக் கருவியில் கொடுத்தேன். தேர்ச்சி. ஆனால் உள்ளே இன்னும் `jkpo;` தான்.

தரம் கேட்பது அட்டவணை இருக்கிறதா என்பதை. அது உண்மையா என்று எந்தக் கருவியும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. த வடிவத்துக்கு எதிரே "இது `j`" என்று எழுதியிருந்தால், விதிப்படி அது சரியான அட்டவணை. ஆகவே தேர்ச்சிச் சீட்டோடு நிறுத்தாமல் இந்த இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்:

```
pdffonts puthagam.pdf
pdftotext puthagam.pdf - | head -20
```

முதல் கட்டளையின் விடையில் `emb` என்ற பத்தியில் `yes` இருந்தால் எழுத்துரு உள்ளே இருக்கிறது. `uni` பத்தியில் `yes` இருந்தால் அட்டவணை இருக்கிறது. அட்டவணை உண்மை சொல்கிறதா என்பதை இரண்டாவது கட்டளை காட்டும் வரிகளை வாசித்துத்தான் அறிய முடியும்.

ஆக, வடிவத்தை மாற்றும் முன் எழுத்தை மாற்ற வேண்டியிருந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. இன்று அதை நிறுவ ஒரு பழைய கணினியைத் தேட வேண்டும். நல்லவேளை, அந்த மூடிய வடிவத்தைச் சிலர் பொறுமையாகப் பிரித்துப் படித்து நிரல் எழுதியிருப்பதால், லிப்ரே ஆபிஸ் .pmd கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்பு அங்கங்கே குலைந்தாலும் சொற்கள் வந்துவிட்டன. அவற்றைப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஓட்டினேன்.

இங்கேதான் கவனம் வேண்டும். பாமினியில் காற்புள்ளி விசை "இ" என்ற எழுத்து. "இலங்கை" என்பது `,yq;if`. தட்டச்சு செய்தவர் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி உண்மையான காற்புள்ளியை அடித்திருந்தால், எந்த எழுத்துரு என்று பார்க்காத மாற்றி அதையும் "இ" ஆக்கிவிடும். பழைய இணையக் கட்டுரைகளில் சொற்களுக்கு நடுவே காரணமில்லாமல் "இ" நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அப்பாவின் புத்தகத்தில் ஊர்ப்பெயர்ப் பட்டியல்கள் அதிகம் என்பதால், சொல்லின் முடிவில் ஒட்டியிருந்த "இ"களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன். இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் அர்த்தமற்ற தமிழாகியிருந்தன. அவற்றை அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால்தான் சரிசெய்ய முடிந்தது.

திருத்திய உரையை .odt ஆகச் சேமித்தேன். இதுவும் ஐஎஸ்ஓ தரமான திறந்த வடிவம். அதன் பெயரின் கடைசியை .zip என்று மாற்றித் திறந்தால் உள்ளே content.xml இருக்கும். அதைச் சாதாரண நோட்பேடில் திறந்தாலே குறிகளுக்கு நடுவே அப்பாவின் வாக்கியங்களை அப்படியே வாசிக்கலாம். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. லிப்ரே ஆபிஸ் ஒரு நாள் இல்லாமல் போனாலும் இந்த உரை போகாது. கூடவே யுடிஎஃப்-8 குறிமுறையில் வெறும் .txt நகலும் எடுத்தேன்.

இதிலிருந்து செய்த பிடிஎஃப்/ஏ பக்கத் தோற்றத்துக்கானது மட்டுமே, அதை மூல உரையாக நம்பக்கூடாது. யூனிகோடில் அடித்திருந்தாலும், பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது. "கொ" என்பதில் ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசி. நகலெடுக்கும்போது பல நேரம் அதே வரிசையில் வருவதால் சொல் சிதறிவிடும், தேடலும் தவறும்.

புத்தகத்தோடு அப்பாவின் கையெழுத்துக் குறிப்புகளும் இருந்தன. அவற்றை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து டிஃப் வடிவில் வைத்தேன். ஒரு ஏ4 பக்கம் 2480-க்கு 3508 புள்ளி. சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்பி. 1992-இல் வெளியான டிஃப் 6.0 விவரக்குறிப்பு இன்னும் செல்லும். சுருக்காத கோப்பில் படத்தின் அகலம், உயரம், நிறம் பற்றிய சிறு குறிப்புகளும், வரிசை வரிசையாகப் புள்ளிகளின் எண்களும்தான் இருக்கின்றன. வேறெந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும், அந்த விவரக்குறிப்பைப் படித்து ஒருவர் புதிதாக நிரல் எழுதிவிடலாம்.

ஸ்கேனர் தானாகவே சிறிய பிடிஎஃப் செய்து தரும் வசதியை நான் மூலப் பிரதிக்குத் தொடுவதில்லை. ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, பக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளைத் தேடி, ஒரே படத்தைச் சேமித்து மற்ற இடங்களிலும் அதையே ஒட்டக்கூடியது. 2013-இல் ஜெர்மனியின் டேவிட் க்ரீசல், ஒரு கட்டட வரைபடத்தைச் சில ஜெராக்ஸ் ஸ்கேனர்கள் எப்படி மாற்றின என்று காட்டினார். 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் ஸ்கேனில் 14.13 ஆகியிருந்தன. மங்கலாக இருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். இவை கூர்மையான, தவறான எண்கள். பிடிஎஃப்/ஏ இந்த முறையை அனுமதிக்கிறது என்பதால் சோதனைக் கருவியும் இதைப் பிடிக்காது. தமிழில் ரகரமும் காலும் எவ்வளவு நெருக்கம் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் ஸ்கேன் பிடிஎஃபில் எந்தச் சுருக்கம் இருக்கிறது என்பதை `pdfimages -list` கட்டளையின் `enc` பத்தி சொல்லும். அங்கே `jbig2` என்றிருந்தால், காகிதம் கையில் இருக்கும்போதே மறுபடி ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பழைய .pmd கோப்பையும் பிடிஎஃபையும் நான் அழிக்கவில்லை. அவை இருக்கும் அடைவிலேயே பாமினியின் .ttf கோப்பையும் ஒரு சிறு .txt குறிப்பையும் வைத்திருக்கிறேன். குறிப்பின் முதல் வரி: "எழுத்துரு பாமினி. jkpo; என்றால் தமிழ்."